என்எச்எஸ் பேண்ட் 5 நேர்காணல்: ‘யாரை முதலில் பார்ப்பீர்கள்?’ வகைக் கேள்விகள்

பிரிட்டனின் என்எச்எஸ் மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கான பொது வார்டு, அறுவை சிகிச்சை வார்டு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்து, ஆன்லைன் நேர்காணலுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நோயாளி பாதுகாப்பு, யாருக்கு முன்னுரிமை என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சினாரியோ கேள்விக்கு மார்க் எப்படிப் போடுறாங்க?

பேனலில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வார்டு மேனேஜராகவோ மேட்ரனாகவோ இருப்பார். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னென்ன வர வேண்டும் என்ற குறிப்பு அவர்கள் கையில் இருக்கும். நீங்கள் வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் டிக் விழும். மனதில் இருந்தது கணக்கில் வராது.

நம் ஊரில் வேலை பார்த்தவர்கள் மார்க்கை விடும் இடம் பெரும்பாலும் முதல் வாக்கியம்தான். ‘டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவேன்’ என்று தொடங்கிவிடுவார்கள். டியூட்டி டாக்டர் பக்கத்திலேயே இருக்கும் வார்டில் பழகியவர்களுக்கு அது இயல்பு. பிரிட்டனில் டாக்டர் வேறொரு மாடியில் இருக்கலாம், நான்கைந்து வார்டுகளை ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதுதான் பேனலுக்கு வேண்டும்.

நாலு பேஷண்ட் கொடுத்து யாரை முதல்ல பார்ப்பீங்கன்னு கேட்டா எப்படிப் பதில் சொல்றது?

ஒரு மாதிரியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். காலை 7.45, ஹேண்டோவர் முடிந்துவிட்டது. உங்களுக்கு நான்கு படுக்கைகள், உதவிக்கு ஒரு ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்.

முதல் படுக்கையில் 78 வயது அம்மா. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். வலி பத்துக்கு ஏழு என்று சொல்லி மாத்திரை கேட்கிறார். இரண்டாம் படுக்கையில் 58 வயதுக்காரர், குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். காலை 6 மணிக்கு எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. இப்போது அசிஸ்டென்ட் வந்து, ‘மூச்சு 24, ஆக்சிஜன் அளவு வெறும் காற்றில் 94, நாடி 112, மேல் இரத்த அழுத்தம் 104, காய்ச்சல் 38.4. இது எந்த இடம்னு என்கிட்டயே கேட்கிறார்’ என்கிறார். மூன்றாம் படுக்கையில் நீரிழிவு நோயாளி. சர்க்கரை 3.6 மில்லிமோல், நன்றாகப் பேசுகிறார், 8 மணிக்கு இன்சுலின் போட வேண்டும். நான்காமவர் இன்று டிஸ்சார்ஜ். அவருடைய மகள் 9 மணி வண்டிக்காகக் கோபத்தோடு நிற்கிறார்.

பொதுவாக வரும் தவறான பதில்கள் இரண்டு. சத்தமாகக் கேட்பவரை, அதாவது வலியில் இருப்பவரை, முதலில் பார்ப்பேன் என்பது ஒன்று. ‘சர்க்கரை குறைந்தவரை முதலில் பார்ப்பேன், பிறகு இரண்டாம் படுக்கை’ என்று நால்வரையும் வரிசையில் நிறுத்திவிடுவது இன்னொன்று. உங்களிடம் இரண்டு கைகள் மட்டும் இல்லை, அசிஸ்டென்டின் கைகளும் இருக்கின்றன என்பதைப் பதில் காட்ட வேண்டும்.

இரண்டாம் படுக்கைக்கு நீங்களே போக வேண்டும். அவருடைய அளவுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் திடுக்கிட வைக்காது. 104 அழுத்தமும் 94 ஆக்சிஜனும் பல வார்டுகளில் அன்றாடம் பார்ப்பவைதான். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்ட அங்கே ஒவ்வொரு அளவுக்கும் போடும் நியூஸ் 2 மதிப்பெண்ணைக் கூட்டினால் கதை வேறு. மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும் 3. நியூஸ் 2 மதிப்பெண் 10. ஏழைத் தொட்டாலே அவசரநிலை. குடல் அறுவைக்குப் பின் மூன்றாம் நாளில் இப்படி வந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவும் செப்சிஸும் இருக்கலாம் என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

கிளம்பும்போதே அசிஸ்டென்டிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘மூன்றாம் படுக்கைக்கு 200 மில்லி பழச்சாறு கொடுங்க. முழுசாக் குடிச்சாரான்னு நின்னு பாருங்க. பதினைந்து நிமிஷத்தில் சர்க்கரையைத் திரும்பப் பார்த்து என்கிட்ட வந்து சொல்லுங்க.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பு உங்களுடையதே என்பது அதில்தான் தெரிகிறது.

முதல் படுக்கை அம்மாவைக் கடந்து போகும்போது, வலியைக் குறித்துக்கொண்டேன், இன்னொரு நர்ஸ் மருந்தோடு வருவார் என்று சொல்லுங்கள். பக்கத்து நர்ஸிடம் கேளுங்கள். இடுப்பு அறுவைக்குப் பின் வலி அடங்காவிட்டால் ஆழமாக மூச்சு விடவும் மாட்டார், எழுந்து நிற்கவும் மாட்டார். அதனால் அது ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளும் வேலை அல்ல. அரைமணிக்குள் முடிய வேண்டிய வேலை, நீங்களே செய்ய வேண்டியதில்லை, அவ்வளவுதான். நான்காம் படுக்கையின் மகளிடம் யாராவது ஒருவர் நேரத்தைச் சொன்னால் போதும். அதைப் பொறுப்பு நர்ஸிடம் விட்டுவிடலாம்.

படுக்கைக்கிட்ட போனதும் ‘ஏபிசிடிஇ பார்ப்பேன்’னு சொன்னா போதாதா?

போதாது. அந்த ஐந்து எழுத்தை எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நோயாளியிடம் அதை எப்படிச் செய்வீர்கள் என்பதற்குத்தான் மார்க்.

பேசுகிறார் என்றால் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது. மூச்சை நானே ஒரு முழு நிமிடம் எண்ணுவேன், நெஞ்சு இரு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று பார்ப்பேன். கை சில்லிட்டிருக்கிறதா, விரல் நுனியை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, கேனுலா வேலை செய்கிறதா, சிறுநீர்ப் பையில் கடந்த மணிநேரங்களில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 மில்லிக்குக் கீழே போனால் கவலைதான். நினைவு நிலையைப் பார்க்கும்போது சர்க்கரையையும் பார்ப்பேன். குழப்பத்தில் இருப்பவருக்கு சர்க்கரை பார்க்காமல் விடுவது பேனல் கண்ணில் உடனே படும் ஓட்டை. கடைசியில் போர்வையை விலக்கி வயிறு இறுகியிருக்கிறதா, காயத்திலிருந்தும் வடிகுழாயிலிருந்தும் என்ன வருகிறது, காலில் வீக்கம் உண்டா என்று பார்ப்பேன். இப்படிச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பலர் அனிச்சையாக ‘ஆக்சிஜன் வைப்பேன்’ என்பார்கள். இவருக்கு 94 இருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இலக்கு 94 முதல் 98 வரை. அதனால் இப்போதைக்கு வேண்டாம், 94-க்குக் கீழே இறங்கினால் தொடங்குவேன் என்றால், யோசித்துப் பேசுகிறவர் என்று தெரியும்.

நியூஸ் 2 அட்டவணை முழுசா மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். வார்டில் அது சார்ட்டிலோ திரையிலோ இருக்கும். ஆனால் பேனல் சில எண்களைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, எது ஆபத்து என்று தெரிய வேண்டும். மொத்தம் ஐந்தோ ஆறோ வந்தால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், குறைந்தது மணிக்கு ஒருமுறை அளவுகள் எடுக்க வேண்டும். ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் அவசரக் குழு, தொடர் கண்காணிப்பு. மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒரே அளவுக்கு 3 விழுந்தால் அதற்கும் மணிக்கு ஒருமுறை.

ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்ட முறையை 2017-இல் திருத்தியபோது சேர்த்தவற்றில் முக்கியமானது ‘புதிய குழப்பம்’. நினைவாகத்தான் இருக்கிறார், கூப்பிட்டால் பதில் சொல்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் முழு 3. வயதானவர்களிடம் இதை ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிடுவதுதான் வழக்கமான பிழை.

சர்க்கரை 3.6-ன்னா இன்சுலினை நிறுத்தி வைப்பேன்னு சொல்லலாமா?

பேனல் விரும்பி வைக்கும் பொறி இது. முதலில் அலகு: அங்கே மில்லிமோல். நம் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல் பெருக்கினால் 3.6 என்பது ஏறக்குறைய 65. மருத்துவமனையில் 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று எடுத்து சிகிச்சை தருவார்கள்.

விழித்திருந்து, விழுங்க முடிந்தால், வேகமாக ஏறும் சர்க்கரை 15 முதல் 20 கிராம். பழச்சாறு என்றால் 150 முதல் 200 மில்லி. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 4-க்குக் கீழே என்றால் திரும்பக் கொடுக்கலாம், மொத்தம் மூன்று முறை வரை. அதற்கும் ஏறாவிட்டால் டாக்டர். 4-க்கு மேலே வந்ததும் ரொட்டியோ காலை உணவோ தர வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

அடுத்து இன்சுலின். சர்க்கரை குறைந்தது என்பதற்காக அடுத்த டோஸை விட்டுவிடக் கூடாது. தாழ்சர்க்கரையைச் சரிசெய்து, சாப்பிட வைத்து, அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடமோ நீரிழிவு நர்ஸிடமோ கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலினை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடும்.

டாக்டருக்கு போன்ல என்ன சொல்வீங்கன்னு கேட்டா?

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் போகும் எஸ்பார் முறையில் பேசிக் காட்டுங்கள். அதன் விரிவாக்கத்தை ஒப்பிப்பதில் பயனில்லை. இரண்டாம் படுக்கைக்கு இப்படி அமையும்:

‘நான் சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். இரண்டாம் படுக்கை நோயாளிக்காகக் கூப்பிடுகிறேன், நியூஸ் 10, காலை 6 மணிக்கு 0-வாக இருந்தது. 58 வயது, குடல் அறுவை முடிந்து மூன்றாம் நாள், மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை. மூச்சு 24, நாடி 112, அழுத்தம் 104, காய்ச்சல் 38.4, புதிதாகக் குழம்பியிருக்கிறார், வயிறு இறுகியிருக்கிறது. செப்சிஸ் என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் நான் இரத்தக் கல்ச்சருக்கும் லாக்டேட்டுக்கும் எடுக்கட்டுமா, சலைன் போட ஆர்டர் தருவீர்களா?’

முதல் இரண்டு வாக்கியங்களிலேயே மதிப்பெண்ணும் அது ஏறிய வேகமும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். பழைய கதையிலிருந்து தொடங்கினால் கேட்பவர் பாதியில் கவனம் இழப்பார். முடிவில் ‘பார்த்துச் சொல்லுங்க டாக்டர்’ என்று விடாமல், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். போனை வைக்கும் முன் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு எழுதிக்கொள்வேன் என்றும் சேருங்கள்.

செப்சிஸில் இவ்வளவு அபாயத்தில் இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். கல்ச்சரை அதற்கு முன் எடுப்பது நல்லது, ஆனால் கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்று மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

டாக்டர் வரலைன்னா?

‘திரும்பக் கூப்பிடுவேன்’ என்பது அரைப் பதில்தான். ஜூனியர் டாக்டர் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் ரெஜிஸ்ட்ரார், அவரும் இல்லையென்றால் கன்சல்டன்ட். கூடவே தீவிர சிகிச்சைப் பிரிவின் அவுட்ரீச் குழு, வார்டின் பொறுப்பு நர்ஸ். அழுத்தம் 90-ஐத் தொட்டாலோ, மூச்சு மோசமானாலோ, நினைவு தவறினாலோ வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், 2222. இங்கிலாந்து மருத்துவமனைகளில் உள் அவசர அழைப்பு எண் அதுதான். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நேரம், யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

இங்கிலாந்தில் 2024 முதல் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் மார்த்தா விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் செப்சிஸால் இறந்த 13 வயது மார்த்தா மில்ஸின் பெற்றோர் போராடிக் கொண்டுவந்தது அது. நிலைமை மோசமாகிறது என்று நோயாளியோ குடும்பத்தாரோ நினைத்தால், வேறொரு குழு வந்து பார்க்கும்படி அவர்களே கேட்கலாம். ‘அப்பா அவராகவே இல்லை’ என்று மகன் சொல்வதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்வேன் என்றால் நல்ல பதில்.

சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் 90. உடனே கூட்டணுமா?

நியூஸ் 2-இல் ஆக்சிஜன் அளவுக்கு இரண்டு ஸ்கேல்கள் உண்டு, அவருக்கு எது என்று முதலில் கேளுங்கள். வழக்கமான முதல் ஸ்கேலில் 90-க்கு 3 விழும். கரியமில வாயு தேங்கும் நோயாளி என்று டாக்டர் முடிவுசெய்து இரண்டாம் ஸ்கேலைக் குறித்திருந்தால் இலக்கு 88 முதல் 92 வரை, அப்போது 90-க்கு 0. அதே நோயாளி ஆக்சிஜன் வைத்து 97-இல் இருந்தால், எண் அழகாகத் தெரியும், மதிப்பெண்ணோ ஐந்து: அளவு மிகுந்ததற்கு 3, ஆக்சிஜனில் இருப்பதற்கு 2. ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய நோயாளி அவர். மயக்கம் போலத் தூங்கி வழிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எந்த ஸ்கேல் என்பதை நர்ஸ் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. சிஓபிடி உள்ள எல்லோருக்கும் இரண்டாம் ஸ்கேல் என்பதும் தவறு.

நோயாளி கீழே விழுந்து கிடக்கிறார்ன்னா முதல்ல என்ன?

தூக்காதீர்கள். நம் வார்டில் பக்கத்தில் உறவினர் ஒருவர் எப்போதும் இருப்பார், விழுந்ததும் நாலு பேர் சேர்ந்து தூக்கிப் படுக்கையில் போட்டுவிடுவோம். அங்கே அப்படிச் சொன்னால் அந்தக் கேள்வியே போய்விடும். உதவிக்குக் குரல் கொடுத்து, தரையிலேயே ஏபிசிடிஇ பார்த்து, கழுத்து வலி, தலைக் காயம், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டர் வந்து பார்க்கும்வரை அங்கேயே. பிறகு படுத்த நிலையிலேயே தூக்கும் கருவியில்தான்.

விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் தலையில் அடிபட்டிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். நரம்பியல் அளவுகள் அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம், பிறகு மணிக்கு ஒருமுறை நான்கு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அபிக்சபான் மாதிரி, எடுக்கிறாரா என்று பார்த்து அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தெரிவிப்பது, சம்பவ அறிக்கை, விழும் அபாய மதிப்பீட்டைத் திரும்பப் போடுவது எல்லாம் அதன் பிறகு.

தப்பான மருந்து கொடுத்துட்டீங்க, என்ன செய்வீங்கன்னு கேட்டா மறைக்கிற மாதிரி தெரியாம எப்படிச் சொல்றது?

மறைக்காமல் சொல்வதுதான் வழி. ஆனால் ‘உண்மையைச் சொல்வேன்’ என்று தொடங்காதீர்கள், நோயாளியிலிருந்து தொடங்குங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு பைபராசிலின்-டாசோபாக்டம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரில் பென்சிலின் இல்லாததால் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

மருந்தை நிறுத்த வேண்டும், கேனுலாவைப் பிடுங்கக் கூடாது. மூச்சு இரைக்கிறது, அழுத்தம் விழுகிறது என்றால் 2222. படுக்க வைத்துக் காலை உயர்த்தி, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, அட்ரினலின் 500 மைக்ரோகிராம். அதாவது 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அரை மில்லி, தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி. உயிர் காக்கும் நேரத்தில் இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் ‘ஏவில், ஹைட்ரோகார்டிசோன் போடுவேன்’ என்று தொடங்கிவிடாதீர்கள். பிரிட்டனின் 2021 வழிகாட்டுதலில் ஆன்டிஹிஸ்டமின் முதல்கட்ட சிகிச்சையில் இல்லை, ஸ்டீராய்டும் வழக்கமாகத் தருவதில்லை.

நோயாளி நிலைப்பட்ட பிறகுதான் மற்றது: பொறுப்பு நர்ஸுக்கும் டாக்டருக்கும் தெரிவிப்பது, நடந்ததை நேரத்தோடு எழுதுவது, சம்பவ அறிக்கை போடுவது, நோயாளியிடம் நேரில் விளக்கி மன்னிப்புக் கேட்பது. வெளிப்படையாக இருப்பது அங்கே நர்ஸின் தொழில்நெறிக் கடமை, மருத்துவமனைக்குச் சட்டக் கடமையும்கூட. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். அடுத்து, ஏன் நடந்தது என்ற கேள்வி நிச்சயம் வரும். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பதைவிட, ஒவ்வாமையை சார்ட்டில் மட்டும் பார்க்காமல் கைப்பட்டையிலும் பார்ப்பேன், நோயாளியிடமும் கேட்பேன், மருந்து தரும்போது யாரும் இடையில் கூப்பிடாதபடி பார்த்துக்கொள்வேன் என்று சொன்னால் அதில் பிடிமானம் இருக்கும்.

எனக்குப் பழக்கமே இல்லாத மருந்தையோ கருவியையோ வச்சுக் கேட்டா?

தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, தோலடியில் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர். ‘பயிற்சி பெற்று, தகுதி கையெழுத்து வாங்கும்வரை இதை நான் தனியாக இயக்க மாட்டேன். இன்றைக்குப் பயிற்சி உள்ள நர்ஸைக் கூப்பிடுவேன், மருந்தளவை பிஎன்எஃப் என்ற பிரிட்டன் மருந்துக் கையேட்டில் பார்த்து மருந்தாளுநரிடமும் கேட்பேன். அதுவரை நோயாளிக்கு வலி ஏறாமல் இருக்க, தேவைக்கேற்பக் கொடுக்க எழுதியிருக்கும் மருந்து உண்டா என்று சார்ட்டில் பார்ப்பேன்.’ கடைசி வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கருவி காத்திருக்கலாம், வலியில் இருப்பவரால் முடியாது.